பன்னிரண்டு வருஷம் எந்த நாளிலிருந்து? எதிரிடை அனுபவம், புதிதாக வருகிறவர்களுக்கு

நில வழக்கு என்று ஆபீசுக்கு வருகிறவர்களில் ஒரு சாரார் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்: "சார், பன்னிரண்டு வருஷத்துக்கு மேல நாங்கதான் அனுபவிக்கிறோம், இனிமே எங்க சொந்தம்தானே?" இன்னொரு சாரார் முகம் வாடிப் போய் வருவார்கள்: "பன்னிரண்டு வருஷம் ஆயிடுச்சாம் சார், என் இடம் போயிடுச்சா?" இரண்டு பேருக்கும் நான் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். எந்த நாளிலிருந்து எண்ணுகிறீர்கள்? பெரும்பாலும் பதில் வராது. வந்தாலும் "அது ஆச்சு, தாத்தா காலத்துலேர்ந்து" என்று வரும்.

இந்த வழிகாட்டி அந்த ஒரு நாளைப் பற்றியதுதான். பத்திரங்களில் "எதிரிடை அனுபோக பாத்தியம்" என்று எழுதியிருப்பார்கள், கோர்ட்டில் அட்வர்ஸ் பொசஷன் என்பார்கள். இன்னொருவர் இடத்தை அவர் உரிமைக்கு எதிராக, தன்னுடையது என்று அனுபவிப்பதுதான் அது. நான் எதிரிடை அனுபவம் என்றே எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், அதன் அட்டவணையில் 65-ஆவது இனம். தன் சொத்து என்ற உரிமையின் பேரில் சுவாதீனம் கேட்டு வழக்குப் போட உரிமையாளருக்கு 12 வருஷம் உண்டு, அந்தக் கணக்கு எதிராளியின் அனுபவம் உரிமையாளருக்கு எதிரிடையாக மாறிய நாளில் தொடங்குகிறது. அடுத்தது, அதே சட்டத்தின் 27-ஆவது பிரிவு. அந்தக் கெடு முடிந்தால் வழக்குப் போடும் உரிமையோடு சொத்தின் மேல் இருக்கிற உரிமையும் சேர்ந்து அழிந்துவிடும். ஆக, நிறைய நாள் உட்கார்ந்திருந்தவருக்குச் சட்டம் பரிசு எதுவும் கொடுக்கவில்லை. கேட்க வேண்டிய காலத்தில் கேட்காதவரின் கதவைச் சாத்துகிறது, அவ்வளவுதான். "எதிரிடையாக மாறிய நாள்" என்றுதான் இருக்கிறது, "குடியேறிய நாள்" என்று இல்லை, கவனியுங்கள். வருகிற தகராறில் முக்கால்வாசி இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவதுதான்.

முதலில், நிலம் யாருடையது?

நாளை எண்ணுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள், ஏனென்றால் சில நிலங்களில் எண்ணியே பயனில்லை. eservices.tn.gov.in தளத்தில் சர்வே எண்ணும் உட்பிரிவும் கொடுத்தால் பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு கிடைக்கும். tnreginet.gov.in தளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.

அரசு நிலம், அதாவது புறம்போக்கு என்று வந்தால் கெடு 12 வருஷம் இல்லை, 30 வருஷம் (112-ஆவது இனம்). அந்த முப்பதையும் நம்பி உட்காராதீர்கள், அரசு வழக்குப் போட்டுத்தான் உங்களை எழுப்ப வேண்டும் என்றில்லை. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் நோட்டீஸ் கொடுத்தே அகற்றலாம். ஏரி, குளம் என்றால் 2007-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. சிலர் பி மெமோ ரசீதுகளைக் கட்டுக்கட்டாக வைத்துக்கொண்டு "சர்க்காருக்குப் பணம் கட்டியிருக்கோம் சார்" என்று பெருமையாகக் காட்டுவார்கள். பி மெமோ என்பது ஆக்கிரமிப்பாளருக்குப் போடுகிற அபராதம். அதைக் கட்டியவர் இது அரசு நிலம் என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அனுபவத்துக்கு அது சாட்சியாகலாம், எதிரிடைக்கு ஆகாது.

கோயில் நிலம் என்றால் இன்னும் சுருக்கம். தமிழ்நாடு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 109-ஆவது பிரிவுப்படி கோயில் சொத்தை மீட்கும் வழக்குக்குக் காலவரையறைச் சட்டமே பொருந்தாது. அங்கே ஐம்பது வருஷம் இருந்தாலும் கணக்கு ஓடாது.

மீதி இருப்பது தனியார் பட்டா நிலம். இனி சொல்வதெல்லாம் அதற்குத்தான்.

அடுத்து, அந்த ஆள் உள்ளே வந்தது எப்படி?

வாடகைக்கு வந்தவர், குத்தகைக்கு எடுத்தவர், காவலுக்கு வைத்தவர், "சும்மா கிடக்கிற இடம்தானே, இருந்துக்கோ" என்று உறவுக்காக விட்டவர் எல்லாரும் அனுமதியோடு வந்தவர்கள். அனுமதியோடு நடக்கிற அனுபவம் எத்தனை வருஷம் ஓடினாலும் எதிரிடையாகாது. உரிமையாளரின் முகத்துக்கு நேராக, அல்லது அவருக்குத் தெரியவரும்படி, "இது என்னுடையது, உனக்கு இதில் பாத்தியம் இல்லை" என்று அவர்கள் வெளிப்படையாகக் காட்டிய நாளில்தான் கணக்கு தொடங்கும்.

கூட்டுச் சொத்துக்கும் அப்படித்தான். அப்பா சொத்தில் அண்ணன் ஒருவரே இருபது வருஷம் விளைச்சல் எடுத்தார் என்பதால் தங்கையின் பங்கு போய்விடாது. ஒரு பங்காளியின் கையில் இருப்பது எல்லாப் பங்காளிகளுக்காகவும் இருப்பதாகத்தான் கோர்ட் எடுத்துக்கொள்ளும். பங்கு கேட்டபோது தர மறுத்து, அவரை வெளியே தள்ளியது நிரூபணம் ஆக வேண்டும். 1956-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது இது. ஆனாலும் இன்றைக்கும் "தங்கச்சி பங்கு லிமிடேஷன்ல போயிடுச்சு" என்று தைரியமாக வருகிறவர்கள் உண்டு.

யார் அனுமதியும் இல்லாமல் வந்தவருக்குக் கணக்கு வந்த நாளிலேயே தொடங்கலாம். அதற்கும் நிபந்தனை உண்டு: கட்டாயப்படுத்தி இருக்கக் கூடாது, ஒளிந்து இருக்கக் கூடாது, கேட்டு வாங்கி இருக்கக் கூடாது. ஊருக்குத் தெரிய, உரிமையாளர் வந்து பார்த்தால் கண்ணில் படும்படி, இடைவிடாமல் இருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து தேங்காய் பறித்துக்கொண்டு போவது அனுபவம் ஆகாது.

ஒரு மனை, மூன்று தேதிகள்

ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஆபீசில் மாறி மாறி வருகிற கதையின் அச்சுதான் இது.

ஊருக்கு ஒதுக்குப்புறமாக 6 சென்ட் மனை. தம்பி 1998-இல் கிரயப் பத்திரம் பதிவு செய்து வாங்குகிறார். பிறகு துபாய் போய்விடுகிறார். 2001-இல் ஊரில் இருக்கும் அண்ணனிடம், "சும்மாதான் கிடக்கு, மாடு கட்டிக்கோ" என்கிறார். அண்ணன் 2006-இல் இறந்துபோகிறார். அண்ணன் மகன் மாடுகளை விற்றுவிட்டு, 2009 ஜூனில் சுற்றிலும் காம்பவுண்டு சுவர் எழுப்பி, கேட் போட்டு, ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் ஒன்றும் போடுகிறார். ஷெட்டின் வாசல்படியில் சிமெண்ட் காய்வதற்கு முன்னால் கொத்தனார் கரண்டி நுனியால் 12.6.2009 என்று கீறி வைத்திருக்கிறார். வீட்டு வரி மகன் பேரில் விழுகிறது, கரண்ட் இணைப்பும் வாங்கியாகிவிட்டது. 2012-இல் சித்தப்பா லீவில் வருகிறார். கேட்டில் பூட்டு. "சாவி குடுப்பா" என்கிறார். "என்ன சித்தப்பா, எங்கப்பா இடத்துக்கு உங்களுக்கு எதுக்குச் சாவி?" என்று பதில் வருகிறது. சித்தப்பா வக்கீல் நோட்டீஸ் விடுகிறார். 10.9.2012 தேதியில் பதில் நோட்டீஸ் வருகிறது: மனை எங்களுக்குச் சொந்தம், உங்கள் கட்சிக்காரருக்கு யாதொரு பாத்தியமும் கிடையாது. சித்தப்பா ஊர்ப் பெரியவர்களிடம் பேசிப் பார்க்கிறார், போலீஸில் மனு கொடுக்கிறார், திரும்ப துபாய் போகிறார். ஒருவழியாக ஊரோடு வந்து சேர்ந்து 2025 ஜனவரியில் வழக்குப் போடுகிறார்.

அண்ணன் மகனின் வக்கீல் 2001-இலிருந்து எண்ணச் சொல்வார். அப்படி எண்ணினால் 2013-இலேயே சித்தப்பாவின் உரிமை அழிந்துவிட்டது. ஆனால் சித்தப்பாவின் பெட்டியில் நீல நிற ஏர்மெயில் கடிதம் ஒன்று கிடக்கிறது. 2003-இல் அண்ணன் எழுதியது: "நீ சொன்னபடியே உன் மனையில் மாடு கட்டியிருக்கிறேன். கிழக்கே கிளுவை வேலி போட்டேன். நீ வந்து வீடு கட்டும்போது எடுத்துக்கொள்ளலாம்." இந்தக் கடிதம் ஒன்று போதும், 2001 என்ற தேதி விழுந்துவிடும். வந்தது அனுமதியில்தான் என்று வந்தவரே எழுதிக் கொடுத்த மாதிரி அது. அப்பாவின் அனுமதியில் தொடர்ந்த மகனுக்கும் அதே நிலைதான்.

அடுத்த தேதி 2009 ஜூன். சுவர், கேட், வரி எல்லாம் வெளிப்படையான செயல்கள் இல்லையா? ஆமாம். இங்கேதான் வழக்கு சூடு பிடிக்கும். ஒன்றுமில்லாத நிலத்தில் அந்நியன் ஒருவன் இதையெல்லாம் செய்திருந்தால் அந்த நாள் நின்றிருக்கும். இங்கே தொடக்கம் அனுமதி. அனுமதி முடிந்து எதிர்ப்பு தொடங்கியது துபாயில் இருந்த சித்தப்பாவுக்குத் தெரியவந்ததா என்று நீதிபதி கேட்பார். ஊரில் இருக்கும் அண்ணன் மகன் மனைக்குப் பாதுகாப்பாகச் சுவர் வைத்தான் என்றுகூட ஒருவர் நினைத்துக்கொள்ளலாமே. 2010-இல் சித்தப்பா வந்து பார்த்துவிட்டுப் போனார் என்று பாஸ்போர்ட் முத்திரையையும் ஒரு கல்யாண போட்டோவையும் வைத்து மகன் காட்டிவிட்டால் கதை மாறலாம். காட்ட முடியவில்லை என்றால் கோர்ட் பிடித்துக்கொள்ள வாய்ப்புள்ள தேதி 2012 செப்டம்பர் பதில் நோட்டீஸ்தான். அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை, எழுத்தில் இருக்கிறது.

அங்கிருந்து 12 வருஷம் என்றால் 2024 செப்டம்பர். வழக்கு 2025 ஜனவரி. நாலு மாதம் தாண்டிவிட்டதே என்று சித்தப்பா தலையில் கை வைப்பார். அவசரப்பட வேண்டாம். கொரோனா சமயத்தில் உச்ச நீதிமன்றம் தானாக எடுத்துக்கொண்டு போட்ட உத்தரவுப்படி 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான காலம் காலவரையறைக் கணக்கில் சேராது. கிட்டத்தட்ட இரண்டு வருஷம் தள்ளிப் போகிறது, கெடு 2026 ஆகஸ்டு வரை நீள்கிறது. எதிர்த்தரப்பு இதை எதிர்த்து வாதாடாமல் இருக்காது, ஆனால் சித்தப்பாவின் கையில் இருப்பது பலமான ஆயுதம். இதே சலுகையை 2009 ஜூன் தேதியோடு போட்டுப் பாருங்கள். 2021 ஜூனில் முடிய வேண்டிய கெடு 2023-க்குள் முடிந்துவிடும், 2025 வழக்கு அடிபட்டுப் போகும். ஒரே மனை, ஒரே ஆட்கள், தேதி மட்டும் மூன்று. வழக்கு முழுக்க எந்தத் தேதி என்பதற்காகத்தான் நடக்கும்.

கணக்கை நிறுத்துவது எது, நிறுத்தாதது எது

சித்தப்பா விட்ட வக்கீல் நோட்டீஸ் கணக்கை நிறுத்தவில்லை. பஞ்சாயத்தும் நிறுத்தவில்லை, போலீஸ் மனுவும் நிறுத்தவில்லை. நிறைய பேர் வருஷத்துக்கு ஒரு நோட்டீஸ் விட்டுக்கொண்டே இருந்து, அதனால் உரிமை உயிரோடு இருப்பதாக நிம்மதியாக இருப்பார்கள். எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் மனிதரை அதிகம் கவிழ்க்கிற நம்பிக்கை இதுதான். நோட்டீஸ் விட்டு மிரட்டினால் எதிராளி பதில் எழுதுவார், அந்தப் பதிலே, மேலே பார்த்தபடி, அவருக்கு ஒரு தொடக்கத் தேதியைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்துவிடும். நோட்டீஸ் விடுவதே தப்பு என்று சொல்லவில்லை. விட்டால் பின்னாலேயே வழக்குப் போடத் தயாராக இருங்கள்.

நிறுத்துவது இரண்டு. ஒன்று, கோர்ட்டில் சுவாதீனம் கேட்டு வழக்குத் தாக்கல் செய்வது. இன்னொன்று, உண்மையாகவே இடத்தைத் திரும்பக் கையில் எடுப்பது. இன்னொரு வழியும் இருக்கிறது, கணக்கை அது புதிதாக ஆரம்பிக்க வைக்கும்: கெடு முடிவதற்குள் எதிராளி எழுத்தில் கையெழுத்துப் போட்டு "இது உங்கள் இடம்தான்" என்று ஒப்புக்கொள்வது. சமாதானம் பேசும்போது "ஆறு மாசத்துல காலி பண்றேன்" என்று எழுதித் தருவார்கள் பாருங்கள், அந்தத் தாளை லேசாக நினைக்காதீர்கள். ஆனால் கெடு முடிந்த பிறகு எழுதி வாங்குவதற்கு அந்தப் பலன் இல்லை.

உரிமையாளர் மனையை வேறொருவருக்கு விற்றால் கணக்கு புதிதாகத் தொடங்காது. வாங்கியவர் ஓடிக்கொண்டிருக்கிற கணக்கையும் சேர்த்தே வாங்குகிறார். அதனால்தான் வாங்குவதற்கு முன்னால் வில்லங்கச் சான்று பார்த்தால் மட்டும் போதாது, மனையில் போய் நின்று பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். எதிரிடை அனுபவம் எந்த வில்லங்கச் சான்றிலும் வராது. அனுபவத்தில் இருப்பவர் பக்கம் பார்த்தால், அப்பாவுக்குப் பின் மகன், விற்றவருக்குப் பின் வாங்கியவர் என்று கை மாறி வந்தால் காலத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ஒருவர் விட்டுப் போன இடத்தில் சம்பந்தமே இல்லாத இன்னொருவர் வந்து உட்கார்ந்தால் கூட்ட முடியாது.

கணக்கு தொடங்கும்போது உரிமையாளர் மைனர் என்றால், 18 வயது முடிந்ததிலிருந்து 3 வருஷம் வரை அவகாசம் உண்டு. 12 வருஷம் அதைத் தாண்டிப் போனால் 12 வருஷமே கணக்கு.

நீங்கள் அனுபவத்தில் இருப்பவர் என்றால்

வழக்குக்குப் போகும் முன் ஐந்து கேள்விக்குப் பதில் எழுதிப் பாருங்கள்: எந்தத் தேதியில் வந்தீர்கள், எந்த விதத்தில் அனுபவித்தீர்கள், அது உரிமையாளருக்குத் தெரியுமா, எத்தனை வருஷம் தொடர்ந்தது, வெளிப்படையாகவும் தடையில்லாமலும் நடந்ததா. 2004-இல் கர்நாடக வக்ஃபு வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இவற்றைத்தான் கேட்டது. நிரூபிக்கும் பாரம் முழுக்க உங்கள் தலையில்தான். உரிமையாளர் தன் பத்திரத்தைக் காட்டினால் போதும்.

எதிர்வழக்குரையில் பலர் வழுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. "இந்த மனை எங்கள் தாத்தா வாங்கியது, பூர்வீகச் சொத்து. அப்படி இல்லை என்றாலும் எதிரிடை அனுபவத்தில் எங்களுக்குப் பாத்தியமாகிவிட்டது" என்று இரண்டையும் சேர்த்து எழுதுவார்கள். எதிரிடை அனுபவம் என்றால் இன்னொருவர் உரிமையாளர் என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும், அவருக்கு எதிராகத்தான் அனுபவித்தேன் என்று சொல்ல வேண்டும். தன் சொந்த இடத்தையே ஒருவன் யாருக்கு எதிராக அனுபவிப்பான்? இரண்டும் ஒன்றையொன்று வெட்டும். எதை நம்பி நிற்கப் போகிறோம் என்பதை வக்கீலோடு உட்கார்ந்து முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

சாட்சியம் என்றால் பட்டாவைத்தான் எல்லாரும் முதலில் நீட்டுவார்கள். பட்டா வருவாய்த் துறைப் பதிவு, கிரயப் பத்திரம் ஆகாது. ஆனால் அடங்கலில் வருஷா வருஷம் உங்கள் பெயர், தீர்வை ரசீது, வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு ஆரம்பித்த தேதி, பக்கத்து மனைக்காரரின் சாட்சி எல்லாம் சேர்ந்தால் எடை வரும். வரி ரசீதில் நான் முதலில் பார்ப்பது தொகையை இல்லை, கட்டிய தேதியை. பன்னிரண்டு வருஷ வரியையும் வழக்கு வரப்போகிறது என்று தெரிந்ததும் ஒரே நாளில் மொத்தமாகக் கட்டியிருப்பார்கள். குறுக்கு விசாரணையில் அது ஐந்து நிமிஷம்கூடத் தாங்காது. அந்த 12.6.2009 கீறிய வாசல்படி மாதிரி ஒன்று இருந்தால், கோர்ட் கமிஷனர் பார்வையிட வரும்போது மறக்காமல் காட்டிக் குறிப்பில் எழுத வையுங்கள்.

முன்பெல்லாம் எதிரிடை அனுபவத்தைப் பிரதிவாதியாகத் தற்காப்புக்கு மட்டும்தான் சொல்லலாம், வாதியாகப் போய்க் கேட்க முடியாது என்று ஒரு கருத்து இருந்தது. 2019 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. கெடு முடிந்து உரிமை உங்களுக்கு வந்துவிட்டது என்றால் நீங்களே வாதியாகப் போய் விளம்புகைப் பரிகாரம், அதாவது சொத்து உங்களுடையது என்று கோர்ட் அறிவிக்கும்படி, கேட்கலாம். தாசில்தாரிடம் நேராகப் போய் "பன்னிரண்டு வருஷம் ஆச்சு, பட்டா மாத்துங்க" என்று மனுக் கொடுத்தால் நடக்காது. சிவில் கோர்ட் தீர்ப்பு வாங்கி, மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பிறகு அந்தத் தீர்ப்பாணை நகலோடு போனால்தான் பேச்சு.

இந்தச் சட்டமே நியாயமில்லை என்று நினைக்கிறீர்களா? 2008-இல் உச்ச நீதிமன்றமே கிட்டத்தட்ட அப்படிச் சொல்லி, மாற்றுவதைப் பற்றி யோசிக்கும்படி மத்திய அரசுக்குச் சொன்னது. 2023-இல் சட்ட ஆணையம் தன் 280-ஆவது அறிக்கையில் மாற்றத் தேவையில்லை என்று முடித்துவிட்டது. ஒரு விஷயத்தில் மட்டும் கோர்ட் கறாராக இருக்கிறது. இமாச்சலப் பிரதேசத்தில் 1967-வாக்கில் ரோடு போட ஒரு பெண்ணின் நிலத்தை எடுத்துக்கொண்டு, பணம் கேட்டபோது "எதிரிடை அனுபவத்தில் எங்களுக்கு வந்துவிட்டது" என்றது மாநில அரசு. குடிமகளின் நிலத்தை அரசு இப்படிக் கேட்கக் கூடாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, இழப்பீடு கொடுக்க வைத்தது.

நீங்கள் உரிமையாளர் என்றால்

அனுமதி கொடுப்பதாக இருந்தால் வாயால் கொடுக்காதீர்கள். அண்ணன்தானே, மச்சான்தானே என்று கூச்சமாகத்தான் இருக்கும். ஒரு வெள்ளைத் தாளில் "இன்னாருடைய மனையில் அவர் அனுமதியின் பேரில் இருக்கிறேன், கேட்கும்போது காலி செய்வேன்" என்று தேதி போட்டு கையெழுத்து வாங்குங்கள், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். வெளிநாட்டில் இருக்கிறீர்கள் என்றால் வாட்ஸாப்பில் "உங்க மனை நல்லா இருக்கு சித்தப்பா" என்று வருகிற செய்தியைக்கூட அழிக்காமல் வையுங்கள். அந்தக் காலத்து ஏர்மெயிலுக்கு இன்றைய பதிலி அதுதான். லீவில் வரும்போது மனைக்குள் போய் நின்று போட்டோ எடுங்கள், தீர்வையை உங்கள் பேரில் கட்டி ரசீது வாங்குங்கள்.

யாரோ சுவரை நகர்த்திவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தால் சர்வேயரை வைத்துப் புலப்படப்படி அளந்துவிடுங்கள், கண்ணளவை நம்பாதீர்கள். அரை அடி நகர்ந்த சுவருக்கும் அதே 12 வருஷக் கணக்குதான் ஓடுகிறது.

நீங்களே அனுபவித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து யாராவது உங்களை வலுக்கட்டாயமாக வெளியேற்றிவிட்டால் 12 வருஷம் இருக்கிறதே என்று படுத்துவிடாதீர்கள். குறித்தவகைத் துயர்தீர்வுச் சட்டத்தின் 6-ஆவது பிரிவில் ஒரு குறுக்குவழி இருக்கிறது. அதில் பத்திரம் யாருடையது என்று கோர்ட் பார்க்காது, கடைசியாக இடத்தில் இருந்தவர் யார், அவரைச் சட்டப்படி இல்லாமல் வெளியேற்றினார்களா என்று மட்டும்தான் பார்க்கும். அந்த வழி திறந்திருப்பது வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து 6 மாதம் மட்டும், அரசுக்கு எதிராக அதுவும் கிடையாது.